வட்டக் கூடைக்கு யூவி விரித்தேன்: முடிச்சு நெட்டையாகிறது, மங்குகிறது, ஏன்?

ஜூலை 5, இரவு 10.50 | உப்பளம்_7

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு வயர் கூடை செய்கிறேன். என் தம்பியும் அவன் நண்பர்களும் செய்யும் சின்ன கணினி விளையாட்டில் புதுச்சேரி குபேர் அங்காடி மாதிரி ஒரு காய்கறிச் சந்து வருகிறது. அங்கே தரையில் வைக்க ஒரு கூடை வேண்டும், அவ்வளவுதான். அடி ஆரம் 10 செ.மீ., வாய் ஆரம் 14 செ.மீ., உயரம் 24 செ.மீ. பக்கெட் மாதிரி மேலே விரியும். சிலிண்டரில் ஆரம்பித்து, மேல் வட்டத்தைப் பெரிதாக்கி, மூடியை நீக்கிவிட்டேன். படம் ஒட்டுவதற்காகக் கூடையின் மேற்பரப்பைத் தட்டையாக விரிப்பதுதான் யூவி. அதற்கு வெட்டுக்கோடாகப் பின்பக்கம் மேலிருந்து கீழே ஒரு சீம், அடியைச் சுற்றி ஒரு சீம்.

கடலூரில் இருக்கும் அத்தை கூடை பின்னுகிறவர். போனில் கேட்டேன், சுற்றிலும் 64 முடிச்சு, மேலே 21 வரிசை என்றார். அவர் அனுப்பிய போட்டோவைக் கூடையில் ஒட்டினால் இரண்டு பிரச்சினை. முடிச்சுகள் சதுரமாக இல்லாமல் நெட்டையாக நிற்கின்றன. கேமரா கிட்டே போனால் எல்லாம் மங்கல். படம் 1024 பிக்சல். உருண்டையான பொருளை விரிக்க பிளெண்டருக்குத் தெரியவில்லை என்பது என் முடிவு. மறுப்பவர்கள் வரலாம்.

ஜூலை 5, இரவு 11.15 | ரெண்டர்_ராஜா

இரண்டுக்கும் ஒரே மருந்து. படத்தை 4K ஆக்கு. விரிக்கும்போது `Minimum Stretch` தேர்ந்தெடு, 4.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. இழுவை என்ற பேச்சே இருக்காது.

ஜூலை 6, காலை 7.20 | உப்பளம்_7

போட்டேன். `Minimum Stretch` வைத்தாலும் வைக்காவிட்டாலும் விரிந்த துண்டு, அந்தத் தீவு, ஒரே மாதிரிதான் வருகிறது, முடிச்சு அதே நெட்டை. 4K என்றதற்கு என் 1024 படத்தையே 4096 ஆகப் பெரிதாக்கிச் சேமித்தேன். மங்கல் அப்படியே இருக்கிறது, கோப்பு மட்டும் குண்டாகிவிட்டது. இப்போது யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. இல்லாத விவரம் எங்கிருந்து வரும்.

ஜூலை 6, காலை 9.05 | பழைய_பென்சில்

முதலில் போட்டோவைக் கழற்றுங்கள். யூவி எடிட்டரில் புதுப் படம், வகை `Color Grid`, அதை ஒட்டிப் பாருங்கள். போட்டோவை வைத்துக்கொண்டு இழுவையைத் தேடினால் போட்டோ எடுத்தபோது வந்த கோணலையும் யூவியின் கோணலையும் பிரித்துப் பார்க்க முடியாது.

அடுத்து, ஆப்ஜெக்ட் மோடில் `N` அழுத்தி Scale என்ன எண் காட்டுகிறது என்று எழுதுங்கள். எனக்கு ஒரு சந்தேகம்.

ஜூலை 6, மதியம் 1.40 | உப்பளம்_7

X 0.100, Y 0.100, Z 0.120.

ஆமாம், ஆரம்பத்தில் சிலிண்டரை மொத்தமாகச் சுருக்கினேன். உயரம் போதவில்லை என்று பிறகு Z-இல் மட்டும் இழுத்தேன். இதற்கும் யூவிக்கும் என்ன?

ஜூலை 6, மதியம் 2.10 | பழைய_பென்சில்

அதுதான். விரிக்கும் கணக்கு மெஷ்ஷின் சொந்த அளவை வைத்து நடக்கிறது. நீங்கள் ஆப்ஜெக்ட் மோடில் கொடுத்த இழுப்பு அதற்குத் தெரியாது. அதன் கண்ணுக்கு உங்கள் கூடை 20 செ.மீ. உயரம்தான். அந்த 20-க்குச் சரியாக விரித்துக் கொடுத்தது, பிறகு நீங்கள் பார்ப்பதோ 24. ஒவ்வொரு முடிச்சும் 20 சதவீதம் நெட்டை. விரிக்கும்போது கீழே ஓரமாக ஒரு எச்சரிக்கை வரி வந்திருக்கும், யாரும் படிப்பதில்லை.

`Ctrl+A`, `Scale`. மூன்று எண்ணும் 1 ஆகும். பிறகு மறுபடி விரிக்க வேண்டும். பழைய யூவி தானாகத் திருந்தாது.

ஜூலை 6, இரவு 9.30 | உப்பளம்_7

சதுரம் வந்துவிட்டது! பிளெண்டரைத் திட்டியதை வாபஸ் வாங்குகிறேன்.

ஆனால் வேறொன்று. விரித்த தீவு செவ்வகமாக இல்லை, விசிறி மாதிரி வளைந்திருக்கிறது. கட்டங்கள் அளவில் சரி, கூடையில் மட்டும் வரிசைகள் சாய்கின்றன. முன்பக்கம் நேராக இருக்கும் கோடு பின்பக்கம் போகும்போது ஏறிவிடுகிறது. சீம் இருக்கும் இடத்தில் இடது பக்கக் கட்டங்களும் வலது பக்கக் கட்டங்களும் மோதி V மாதிரி நிற்கின்றன. இழுவையைக் காட்டும் `Display Stretch` போட்டால் முழுக்க நீலம், அதாவது குறையே இல்லை என்கிறது. குறை என் கண்ணில்தான் இருக்கிறதா?

ஜூலை 7, காலை 6.45 | மஞ்சக்குப்பத்தான்

தம்பி, நான் டம்ளர், மக்கில் போட்டோ அச்சடிக்கிறவன். உங்கள் மென்பொருள் எனக்குத் தெரியாது. ஆனால் வாய் அகன்ற டம்ளர் வந்தால் எங்களுக்கும் இதே தலைவலி. நேர்ச் செவ்வகமாகத் தாளை வெட்டி அதில் சுற்றிப் பாருங்கள், தாள் முனைகள் ஒன்று மேலே ஒன்று கீழே போய் நிற்கும். அதனால் விசிறி மாதிரி வெட்டி, எழுத்தையும் அதே வளைவில் அடிக்க வேண்டும். ஒரு கல்யாண ஆர்டரில் 50 டம்ளருக்கு எழுத்தை நேராகவே அடித்துவிட்டேன். மணமக்கள் பெயர் மலை ஏறி இறங்கியது. அத்தனையும் என் வீட்டில்தான் இருக்கிறது, வருகிறவர்களுக்கு அதில்தான் மோர்.

உங்களுக்குச் சுருங்கும் கவர் வேண்டுமா, சப்ளிமேஷன் தாளா?

ஜூலை 7, காலை 8.30 | உப்பளம்_7

அண்ணா, அச்சடிக்கவில்லை, கணினிக்குள் இருக்கும் கூடை. ஆனாலும் நீங்கள் சொன்னதுதான் எனக்குப் பதில். தாள் விசிறியாக இருந்தால் படமும் விசிறியாக வளைந்திருக்க வேண்டும். என் தாள் வளைந்தது, படம் நேர்.

விசிறி எவ்வளவு வளைவு என்று கணக்குப் போட்டேன். சாய்வு உயரம் 24.33 செ.மீ.

```
(14 − 10) / 24.33 = 0.1644
360 × 0.1644 = 59.2°
```

59 டிகிரி. சீமில் ஒரு பக்கக் கோடு சுமார் 30 டிகிரி ஒரு புறம், மறு பக்கம் 30 டிகிரி எதிர்ப்புறம். அந்த V இதுதான். நீலமாக இருந்ததும் நியாயம்தான், கூம்பை ஒரு துளி இழுவை இல்லாமல் தரையில் விரிக்க முடியும். `Minimum Stretch` ஒன்றும் செய்யாததற்கும் இதுவே காரணம். குறைக்க அங்கே எதுவும் இல்லை.

ஜூலை 7, காலை 9.00 | ரெண்டர்_ராஜா

அப்படியானால் விசிறியை நேராக்கிவிடு. நடுவில் ஒரு கட்டத்தைச் செவ்வகமாக்கி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து `Follow Active Quads`. இரண்டு நிமிட வேலை.

ஜூலை 7, இரவு 11.55 | உப்பளம்_7

செய்தேன். விசிறியின் நடுவில் ஒரு கட்டம் ஏறக்குறைய நிமிர்ந்து நின்றது, அதன் இடது வலது பக்கங்களைத் தனித்தனியே `S` `X` `0`, மேல் கீழ் விளிம்புகளைத் தனித்தனியே `S` `Y` `0` கொடுத்து நேராக்கினேன். அதையே ஆக்டிவ் முகமாக வைத்து ராஜா சொன்னதைப் போட்டேன். யூவி எடிட்டரில் அருமையான செவ்வகம். வரிசைகள் கூடையைச் சுற்றிச் சமமாக ஓடுகின்றன, சீமில் V இல்லை.

ஆனால் செங்குத்துக் கோடுகள் மின்னல் வெட்டின மாதிரி உடைந்து உடைந்து நிற்கின்றன! கீழிருந்து நேராக வந்து, பாதியில் ஒடிந்து, வேறு கோணத்தில் போகிறது. சுற்றிலும் 32 இடத்தில் இதே கதை. விசிறியாக இருந்தபோது இந்த நோய் இல்லை.

ஜூலை 8, காலை 7.10 | ரெண்டர்_ராஜா

நார்மல் பிரச்சினை. `Shade Smooth` போடு.

ஜூலை 8, காலை 7.40 | உப்பளம்_7

போட்டேன். இப்போது வழவழப்பான மின்னல்.

ஜூலை 8, மாலை 6.20 | பழைய_பென்சில்

நார்மலுக்கு இதில் வேலையே இல்லை. நார்மல் வெளிச்சத்தை மாற்றும், படம் எங்கே ஒட்டுகிறது என்பதை மாற்றாது.

உங்கள் கூடைச் சுவர் 32 பத்தை. ஒவ்வொரு பத்தையும் மேலிருந்து கீழ்வரை ஒரே நாற்கரம், சரியா? அடியில் 1.96 செ.மீ. அகலம், வாயில் 2.75 செ.மீ. நீங்கள் பார்ப்பது நாற்கரம். திரையில் வரையும்போது அது குறுக்கே ஒரு மூலைவிட்டம் போட்டு இரண்டு முக்கோணமாகத்தான் போகும். ஒவ்வொரு முக்கோணமும் தன் மூன்று மூலையின் யூவியை மட்டும் பார்த்துப் படத்தை ஒட்டிக்கொள்ளும், பக்கத்து முக்கோணத்தைக் கேட்காது.

கீழ் முக்கோணத்தின் கையில் இருப்பது அடி விளிம்பு. அதனால் அதற்குள் எங்கே பார்த்தாலும் முடிச்சு அடியின் அகலத்தில் இருக்கும், பத்தைக்கு இரண்டு முடிச்சு என்றால் ஒன்று 0.98 செ.மீ. மேல் முக்கோணத்தின் கையில் வாய் விளிம்பு, அங்கே எல்லா முடிச்சும் 1.37 செ.மீ. இரண்டும் மூலைவிட்டத்தில் சந்திக்கும்போது கோடு ஒடிகிறது. கீழ்ப் பாதியில் கோடுகள் ஒரு பக்க விளிம்புக்கு இணையாகப் போகும், மேல் பாதியில் மறு பக்க விளிம்புக்கு இணையாக. கிடைக்கோடுகள் மட்டும் ஏன் தப்பின? மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒன்றுக்கொன்று இணை என்பதால்.

விசிறியில் இது தெரியாததற்குக் காரணம், அங்கே யூவி நாற்கரமும் உண்மை நாற்கரமும் ஒரே உருவம். நேராக்கியதும் ஒன்று செவ்வகம், மற்றொன்று சரிவகம். உருவம் வேறுபட்டால் மூலைவிட்டம் காட்டிக் கொடுக்கும்.

வழி: படுக்கைவாட்டில் லூப் கட், அதாவது கூடையைச் சுற்றிப் போகும் வெட்டு. ஐந்து போடுங்கள்.

ஜூலை 8, இரவு 10.00 | உப்பளம்_7

ஐந்து போடுவதற்கு முன்னால் சொந்தமாக ஒரு சோதனை. பத்தைகளைக் கூட்டினால் போதாதா என்று 64 ஆக்கினேன். கோடு ஒடியும் கோணம் குறைந்தது. ஆனால் மேல் முக்கோணத்தில் பருத்த முடிச்சு, கீழே ஒல்லி முடிச்சு என்பது அப்படியே. 128 ஆக்கினேன். ரம்பப் பல் மாதிரி ஓரம் நறநறவென்று இருந்ததே தவிர தீரவில்லை.

ஜூலை 8, இரவு 10.25 | உப்பளம்_7

32 பத்தை, ஐந்து லூப் கட், அதாவது ஆறு வரிசை. மறுபடி `Follow Active Quads`. ஒடிவு போய்விட்டது. ஒரு நாற்கரத்தின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இப்போது வித்தியாசம் 5 முதல் 7 சதவீதம்தான். முன்பு 40. உற்றுப் பார்த்தால் இருக்கிறது, கூடையை முறைத்துப் பார்க்கப் போகிறவன் நான் மட்டும்தான்.

சுவரில் 64 முக்கோணம் இருந்தது, இப்போது 384. தம்பி மூக்கைச் சுளிப்பான்.

ஜூலை 9, காலை 8.15 | நெல்லித்தோப்பு_அம்மா

கூடை என்ன விலை? வெள்ளை சிவப்பு கலர் இருந்தால் இரண்டு வேண்டும். பிடி உறுதியாக இருக்குமா, தேங்காய் போட்டால் தாங்குமா?

ஜூலை 9, காலை 8.40 | உப்பளம்_7

அம்மா, இந்தக் கூடையில் வெண்டைக்காய்கூட நிற்காது. அத்தையிடம் சொல்கிறேன், அவர் பின்னுவது தேங்காய் தாங்கும்.

அடுத்து மங்கல். பென்சில் அண்ணா, இதையும் முடித்துவிடலாமா?

ஜூலை 9, மாலை 5.30 | பழைய_பென்சில்

உங்கள் செவ்வகம் சராசரியாக 75 செ.மீ. அகலம். அதை 1024 பிக்சலில் போட்டால் செ.மீ.க்கு 13, 14 பிக்சல். ஒரு முடிச்சு 1.18 செ.மீ., அதாவது 16 பிக்சல். 16 பிக்சலில் வயர் மேலே ஏறி உள்ளே போவதை எப்படி வரைவது? கூடை திரையில் பாதி உயரம் வந்தாலே ஒரு முடிச்சு 25 பிக்சல் கேட்கும். இல்லாததை நிரப்பத்தான் மங்கல். உண்மையாகவே 4K-இல் எடுத்த படமாக இருந்தால் 64 பிக்சல் கிடைக்கும். ராஜா சொன்னது முழுத் தப்பில்லை. ஒரு கூடைக்கு அவ்வளவு செலவு செய்ய வேண்டுமா என்பதுதான் கேள்வி.

1344 முடிச்சும் ஒரே முடிச்சு. நான்குக்கு நான்கு முடிச்சு மட்டும் 512 பிக்சலில் எடுங்கள். முடிச்சுக்கு 128 பிக்சல். அந்தத் துண்டுதான் டைல், அதைச் சுற்றிலும் 16 முறை திரும்ப ஒட்டுங்கள். சுற்றுக்கு முழு எண் அவசியம், இல்லாவிட்டால் சீமில் அரை முடிச்சு நிற்கும்.

ஜூலை 9, மாலை 5.50 | ரெண்டர்_ராஜா

மேலே 21 வரிசை என்றாரே, 21 நான்கால் வகுபடாது.

ஜூலை 9, மாலை 6.05 | பழைய_பென்சில்

வகுபட வேண்டாம். மேலே 5.25 முறை போகட்டும். வாய் விளிம்பும் அடி விளிம்பும் ஒன்றையொன்று சந்திப்பதில்லையே.

ஜூலை 10, இரவு 9.45 | உப்பளம்_7

யூவி செவ்வகத்தை 0 முதல் 1 வரை முழுக்க நிரப்பிவிட்டு `Mapping` நோடில் Scale X 16, Y 5.25 கொடுத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் வயரின் ஓரத்தில் பளபளப்பு தெரிகிறது. அதே 512 படம்!

முதல் முயற்சியில் ஒரு கோளாறு, எழுதிவிடுகிறேன். போட்டோவில் வெளிச்சம் இடப்பக்க ஜன்னலிலிருந்து. படத்தின் இடது ஓரம் வெளுப்பு, வலது ஓரம் கருப்பு. 16 முறை திரும்ப ஒட்டியதும் கூடை முழுக்க வரிக்குதிரை. நிழலில் வைத்து, கூடைக்கு நேர் எதிரே நின்று, கொஞ்சம் தள்ளி நின்று ஜூம் செய்து மறுபடி எடுக்கச் சொன்னேன். அத்தைக்கு அது புரியவில்லை. சனிக்கிழமை நானே கடலூர் போகிறேன்.

ஜூலை 13, காலை 10.30 | உப்பளம்_7

இது நீளமாக இருக்கும்.

நேற்று பஸ் பிடித்துப் போனேன். அத்தையிடம் லேப்டாப்பைத் திறந்து கூடையைச் சுற்றிக் காட்டினேன். பார்த்ததும் முதல் கேள்வி: "இது என்ன பக்கெட்டா?"

கூடைதான் என்றேன். "அடியிலும் 64 முடிச்சு, வாயிலும் 64 முடிச்சு, முடிச்சு எல்லாம் ஒரே சைஸ். அப்புறம் வாய் எப்படிப்பா விரியும்?"

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. முடிச்சு சமமாக இருக்க வேண்டும் என்று ஒரு வாரம் மல்லுக்கட்டியிருக்கிறேன். சமமாக இருந்தால் சுவர் நேராகத்தான் எழும் என்பது தோன்றவே இல்லை. நான் செவ்வகமாக நேராக்கியபோது அடியில் முடிச்சு ஒல்லி, வாயில் பருமன், நடுவிலிருந்து 17 சதவீதம் அங்கும் இங்கும். அதை "தவிர்க்க முடியாதது" என்று விட்டுவிட்டேன். அந்த 17 சதவீதம் யூவியின் குறையே இல்லை. அப்படி ஒரு கூடையைப் பின்ன முடியாது என்பதைத்தான் அது சொல்லிக்கொண்டிருந்தது.

டேப் வைத்து அளந்தோம். அடியில் சுற்றளவு 74 செ.மீ., வாயில் 77. பிடியைத் தூக்கித் தூக்கி வாய் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, 4 சதவீதம். உயரம் 25. 21 வரிசையால் வகுத்தால் 1.19, முடிச்சு சதுரம்தான்.

இரண்டாவது அடி: "வட்டமாக எங்கே பின்னினேன்?" கூடையைக் கவிழ்த்தார். அடி நீள்சதுரம், மூலை மட்டும் மழுங்கல். போனில் அனுப்பிய போட்டோ நேர் முன்னால் எடுத்தது, அதனால் எனக்கு மூலை தெரியவில்லை. அடியை முதலில் பாய் மாதிரிப் பின்னி, அங்கிருந்து சுவரை எழுப்புகிறார். நீளத்தில் 24 முடிச்சு, அகலத்தில் 8. இரண்டு நீளம், இரண்டு அகலம், கூட்டினால் 64.

ஜூலை 13, காலை 11.20 | பழைய_பென்சில்

அடி 24-க்கு 8 என்றால் உங்கள் இன்னொரு பிரச்சினையும் தீர்ந்தது, நீங்கள் இன்னும் கேட்காத ஒன்று. வட்ட அடியில் முடிச்சு வரிசை எப்படிச் சுவர் வரிசையோடு சேரும்? சேராது. இப்போது அடி ஒரு செவ்வகத் தீவு, 6 டைல் நீளம், 2 டைல் அகலம். சுவர் 16 டைல். சீம் எல்லாமே முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவில் விழும்.

ஒன்று மட்டும் கவனம். மூலையை வளைக்கும்போது பத்தைகளின் அகலம் மாறும். `Follow Active Quads` பெட்டியில் `Even` தேர்ந்தெடுக்காதீர்கள். ஒல்லிப் பத்தைக்கும் பருத்த பத்தைக்கும் ஒரே இடம் கொடுத்துவிடும், மூலையில் முடிச்சு நசுங்கும். நீளத்தைப் பார்க்கும் `Length Average` இருக்கட்டும்.

ஜூலை 13, மதியம் 12.00 | மஞ்சக்குப்பத்தான்

அப்ப விசிறி வேண்டாமா? நான் சொன்னது வீணா?

ஜூலை 13, மதியம் 12.15 | உப்பளம்_7

வீணில்லை அண்ணா. அதே சந்தில் வில்லியனூர் சுடுமண் தொட்டி ஒன்றும் வைக்க வேண்டும், அது நிஜமாகவே வாய் அகன்றது. அதில் ஒட்டுத்தாள் மாதிரி ஒரு விலைச்சீட்டு வந்தால் விசிறிதான். ஆனால் தொட்டியைச் சுற்றி வண்ணப் பட்டை தீட்டினால், தொட்டியைச் சுழற்றித் தூரிகையை அசையாமல் பிடித்துத் தீட்டுவார்கள். பட்டை வாய்க்கு இணையாக ஓடும். அதற்கு நேராக்கிய செவ்வகம், படுக்கை லூப் கட்டோடு. நிஜத்தில் அந்த டிசைன் எப்படி அங்கே வந்தது என்று கேட்டுக்கொண்டால் எப்படி விரிப்பது என்று தெரிந்துவிடுகிறது. எனக்கு இது ஒரு வாரம் தாமதமாகத் தெரிந்தது.

ஜூலை 14, இரவு 10.10 | உப்பளம்_7

நிறம். டைல் படம் 16 முறை திரும்பினால் கூடை முழுக்க ஒரே நிறம். அத்தையின் கூடையில் வெள்ளையில் சிவப்பு வைரம். அவர் கட்டம் போட்ட நோட்டில் டிசைன் வைத்திருக்கிறார், ஒரு கட்டம் ஒரு முடிச்சு. அகலம் 1, 3, 5, 7, 5, 3, 1 என்று ஏழு வரிசை. பக்கத்தில் ஒரு முடிச்சு இடைவெளி, ஆக வைரத்துக்கு 8. நீளப் பக்கத்தில் மூன்று, அகலப் பக்கத்தில் ஒன்று. மேலே மூன்று அடுக்கு, 7 மூன்று 21. அந்த 24, 8, 21 எல்லாம் எங்கிருந்து வந்தன என்று இப்போதுதான் புரிந்தது.

நோட்டைப் பார்த்ததும் இது ஏற்கனவே ஒரு படம்தானே என்று தோன்றியது. 64 பிக்சல் அகலம், 21 பிக்சல் உயரம். ஒரு பிக்சல் ஒரு முடிச்சு. அதே யூவியில், `Mapping` இல்லாமல், 0 முதல் 1 வரை ஒட்டினேன். முதலில் ஜாங்கிரி மாதிரி குழைந்து வந்தது. படத்தின் நோடில் `Linear` என்று இருந்ததை `Closest` ஆக்கியதும் ஒவ்வொரு பிக்சலும் கூர்மையான சதுரம். முடிச்சு டைலைச் சாம்பல் நிறமாக்கி இதோடு பெருக்கினேன். 64-க்கு 21 பிக்சல் படம், துளி மங்கல் இல்லை. ராஜா, உன் 4K-க்கு என் வணக்கம்.

ஜூலை 14, இரவு 10.40 | ரெண்டர்_ராஜா

சரி சரி. ஆனால் விளையாட்டு ஓடும் கோடாட் எஞ்சினில் போட்டுப் பார்த்தாயா? அங்கே ஒரு மெட்டீரியலுக்கு ஒரே ஃபில்டர்தான். நிறப் படத்துக்காக நியரஸ்ட் வைத்தால் முடிச்சு டைலும் சொரசொரவென்று ஆகும்.

ஜூலை 15, காலை 7.30 | உப்பளம்_7

இந்த முறை ராஜா சொன்னது சரி. இரவு பார்த்தேன், தூரத்தில் போனால் கூடை மினுமினுக்கிறது. இப்போது நிறப் படத்தை மட்டும் குழைக்காமல் 16 மடங்கு பெரிதாக்கி, 1024-க்கு 336, லீனியர் மிப்மேப்போடு வைத்திருக்கிறேன். முடிச்சு டைலை இரண்டாம் யூவியில் டீடெயில் அடுக்காகப் பெருக்கல் முறையில் சேர்த்தேன். ஒரு சதுரத்தின் ஓரத்தில் அரைப் பிக்சல் குழைவு உண்டு, அது முடிச்சின் பள்ளத்துக்குள் விழுந்து மறைகிறது.

பிடிதான் இன்னும் வரவில்லை. முறுக்கிய வயர். நேர்ப் பட்டையாக விரித்தால் வளைவின் வெளிப்பக்கம் முறுக்கு நீள்கிறது, உள்பக்கம் நெருங்குகிறது.

ஜூலை 15, காலை 9.10 | பழைய_பென்சில்

வளைந்த குழாயில் அது அப்படித்தான், வெளிப்பக்கம் உண்மையாகவே நீளம். நிஜ முறுக்கும் வளைக்கும்போது அங்கே கொஞ்சம் திறக்கும். எவ்வளவு திறக்கும் என்று அத்தையின் பிடியைப் பார்த்துச் சொல்லுங்கள், அதற்குமேல் இழுத்தால் மட்டும் திருத்தலாம்.

ஜூலை 15, காலை 9.25 | நெல்லித்தோப்பு_அம்மா

அந்த மூன்று வைரம் போட்ட கூடைதான் எனக்கு வேண்டும். இரண்டு.